பகட்டுச் சொற்களால் நிறைந்த குறிக்கோள் வாசகத்தை இரண்டு வாக்கியங்களாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அலுவலகங்களில் மிஷன் ஸ்டேட்மென்ட் என்று அழைக்கப்படும் குறிக்கோள் வாசகத்தைச் சுருக்கித் தரும்படி கேட்பவர்கள், பெரும்பாலும் அதை ஒரு மொழிநடைப் பிரச்சினையாகவே கருதுகிறார்கள். நீளமான சொற்களை எடுத்துவிட்டுச் சிறிய சொற்களை வைத்தால் வேலை முடிந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். நான் இந்த வேலையில் இறங்கும் ஒவ்வொரு முறையும் காண்பது வேறு. வாசகத்தில் உள்ள ஒவ்வொரு பகட்டுச் சொல்லுக்கும் பின்னால், நிறுவனத்தில் யாரும் எடுக்காமல் தள்ளிப்போட்ட ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. ‘முழுமையான தீர்வுகள்’ என்று எழுதப்பட்டிருந்தால், எதை விற்கிறோம், எதை விற்க மாட்டோம் என்று இன்னும் பேசி முடிக்கவில்லை என்று பொருள். ‘அனைத்துப் பங்குதாரர்களுக்கும்’ என்று இருந்தால், யாருக்காக வேலை செய்கிறோம் என்பதில் உள்ளுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது என்று பொருள். அந்த முடிவுகளை எடுக்காமல் சொற்களை மட்டும் மாற்றினால், நீளமான வெறுமைக்குப் பதிலாகக் குட்டையான வெறுமை கிடைக்கும்.

ஆகவே இந்த வழிகாட்டி, ஒரே ஒரு வாசகத்தை எடுத்துக்கொண்டு, அது இரண்டு வாக்கியங்களாக மாறும் வரை படிப்படியாகப் பின்தொடர்கிறது. எடுத்துக்காட்டுக்காக, மருத்துவமனைகளில் உள்ள வென்டிலேட்டர், எக்ஸ்-ரே கருவி, நோயாளியின் நாடித்துடிப்பைக் காட்டும் மானிட்டர் போன்றவற்றைப் பராமரித்துப் பழுதுபார்க்கும் நடுத்தர அளவிலான ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் வாசகம் இது:

“புத்தாக்கத்தால் இயங்கும், வாடிக்கையாளரை மையப்படுத்திய, முழுமையான தீர்வுகளை உலகத்தரத்தில் வழங்குவதன் வாயிலாக, சுகாதாரத் துறையின் அனைத்துப் பங்குதாரர்களுக்கும் நிலையான மதிப்பை உருவாக்கி, ஒருங்கிணைந்த சேவைச் சூழலில் முன்னணி நம்பகக் கூட்டாளியாகத் திகழ்ந்து, எங்கள் பணியாளர்களுக்கு ஆற்றலளித்தபடி சிறப்பை நோக்கி இடைவிடாது பயணிப்பதே எங்கள் குறிக்கோள்.”

இதில் 32 சொற்கள் இருக்கின்றன. ஒரு வினைமுற்றுகூட இல்லை. மருத்துவமனை என்ற சொல் இல்லை, கருவி என்ற சொல் இல்லை, பழுது என்ற சொல்லும் இல்லை. இதைப் படித்துவிட்டு முதல் நாள் வேலைக்கு வருபவர், தாம் திருப்புளியைக் கையில் எடுக்கப் போகிறோமா, காப்பீட்டுப் படிவத்தை நிரப்பப் போகிறோமா என்பதைக்கூட ஊகிக்க முடியாது.

முதல் படி: வாசகத்தைப் பிரித்துப் பார்த்தல்

வாசகத்தை அச்சிட்டு, ஒவ்வொரு சொற்றொடரையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரேயும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, இதற்கு நேரெதிரான ஒன்றை எந்த நிறுவனமாவது தன் கொள்கையாக அறிவிக்குமா? ‘தரக்குறைவான சேவையே எங்கள் இலக்கு’ என்று யாரும் எழுத மாட்டார்கள். ஆகவே ‘உலகத்தரம்’ எதையும் சொல்லவில்லை. இரண்டாவது, ஒருவர் நம் அலுவலகத்தில் ஒரு நாள் முழுவதும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தால், இந்தச் சொல் குறிக்கும் செயல் அவர் கண்ணில் படுமா? பழுதுபார்ப்பது கண்ணில் படும். நிலையான மதிப்பை உருவாக்குவது படாது.

நேர்மை, மரியாதை போன்ற நற்பண்புச் சொற்களும் முதல் கேள்வியில் தோற்றுப்போகும். இதைச் சொன்னால் கூட்டத்தில் சிலருக்குக் கோபம் வரும். நேர்மை முக்கியமில்லையா என்று கேட்பார்கள். 2001 டிசம்பரில் திவாலான அமெரிக்க நிறுவனமான என்ரான், மரியாதை, நேர்மை, தகவல் பரிமாற்றம், மேன்மை என்ற நான்கையும் தன் விழுமியங்களாக அறிவித்திருந்தது. அந்தச் சொற்கள் கணக்கு மோசடியைத் தடுக்கவும் இல்லை, மோசடி செய்யாத நிறுவனங்களிலிருந்து அதைப் பிரித்துக் காட்டவும் இல்லை. நேர்மை வேண்டியதே, ஆனால் அது ஒரு குறிப்பிட்ட செயலாக வாக்கியத்துக்குள் வர வேண்டும். எப்படி வரும் என்பதை மூன்றாம் படியில் பார்க்கலாம்.

இரண்டு கேள்விகளிலும் தேறிய சொற்களை வட்டமிடுங்கள். நம் எடுத்துக்காட்டில் எதுவும் தேறவில்லை. ‘சுகாதாரத் துறை’ மட்டும் திசை காட்டும் அளவுக்குப் பயன்படுகிறது. அடித்த சொற்களைத் தூக்கி எறிந்துவிடாமல், ஒவ்வொன்றையும் ஒரு கேள்வியாக மாற்றி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

- தீர்வுகள்: எந்தப் பொருளுக்கு, என்ன வேலை செய்கிறோம்?
- பங்குதாரர்கள்: நம் தொலைபேசி எண்ணைச் சுழற்றுபவர் யார்?
- மதிப்பு: நாம் போகாமல் இருந்தால் அவருக்கு என்ன கெடும்?
- நம்பகக் கூட்டாளி: நம்மை நம்பாமல் போக அவருக்கு என்ன காரணம் இருக்க முடியும்?

கடைசிக் கேள்வி பலருக்கு விசித்திரமாகத் தெரியும். ஆனால் இரண்டாவது வாக்கியம் பெரும்பாலும் அதிலிருந்துதான் பிறக்கிறது.

இரண்டாம் படி: மூலப்பொருளைச் சேகரித்தல்

இந்தக் கேள்விகளை இயக்குநர்களிடம் முதலில் கொண்டுபோகாதீர்கள். அவர்கள் பழைய வாசகத்தை எழுதியவர்கள், அல்லது அதோடு நீண்ட காலம் வாழ்ந்தவர்கள். கேட்டால் அதையே வேறு சொற்களில் திருப்பித் தருவார்கள். வாடிக்கையாளரின் குரலைத் தினமும் கேட்கும் ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுங்கள். நம் நிறுவனத்தில் அவர்கள், தொலைபேசியில் புகாரைப் பதிவு செய்பவர், களத்துக்குப் போகும் இரண்டு பழுதுநீக்குநர்கள், உதிரிபாகக் கிடங்கைப் பார்ப்பவர், விற்பனையாளர் ஒருவர், கட்டணம் வசூலிப்பவர்.

ஒவ்வொருவரோடும் தனியாக அரை மணி நேரம் பேசினால் போதும். ‘நம் குறிக்கோள் என்ன?’ என்று கேட்டால் அவர்களும் சுவரில் உள்ள மொழிக்கு மாறிவிடுவார்கள். அதனால் நடந்தவற்றை மட்டும் கேளுங்கள். போன வாரம் செய்த ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லுங்கள். நீங்கள் போய்ச் சேரும் வரை அந்த மருத்துவமனையில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? நீங்கள் மறுத்த, அல்லது மறுத்திருக்க வேண்டும் என்று நினைக்கும் ஒரு வேலை எது? பதில்களை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். திருத்தமான தமிழுக்கு மாற்றிவிட்டால், பின்னால் தேவைப்படும் சரக்கு அதிலேயே போய்விடும்.

நம் நிறுவனத்தில் இப்படி மூன்று செய்திகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். புகாரைப் பதிவு செய்பவர், “மெஷின் நின்னுபோச்சு, ஆள் எப்ப வருவாங்க என்பதுதான் முதல் கேள்வி, எப்ப சரியாகும் என்பது அடுத்த கேள்விதான்” என்றார். பழுதுநீக்குநர் ஒருவர், கருவி நின்றால் நோயாளியை வேறு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றும், நம் ஆள் பக்கத்தில் நின்றால்தான் அனுப்பலாமா, காத்திருக்கலாமா என்று மருத்துவர் முடிவெடுக்க முடிகிறது என்றும் விளக்கினார். மூன்றாவது, கிடங்கில் இருப்பவர் தயங்கித் தயங்கிச் சொன்னது. சிறிய உதிரிபாகம் ஒன்றை மாற்றினால் ஓடக்கூடிய கருவியை, அது இனி தேறாது என்று சொல்லிப் புதியது வாங்கவைத்த சந்தர்ப்பங்கள் உண்டு.

பழைய வாசகத்தின் ‘நம்பகக் கூட்டாளி’ என்ற சொல்லுக்குள் புதைந்து கிடந்தது இந்த மூன்றாவது செய்திதான்.

மூன்றாம் படி: முடிவெடுத்தல்

எழுதுபவரின் கையில் இல்லாத ஒரே படி இது. இங்கே தலைமை வந்தாக வேண்டும். சேகரித்தவற்றை அவர்கள் முன் வைத்து, இரண்டு முடிவுகளைக் கேளுங்கள்.

முதல் வாக்கியத்துக்கான முடிவு: யாருக்கு, எந்த நேரத்தில், என்ன செய்கிறோம்? கூகுள் நிறுவனத்தின் குறிக்கோள், உலகின் தகவல்களை ஒழுங்குபடுத்தி அவற்றை எல்லோருக்கும் எட்டக்கூடியவையாகவும் பயனுள்ளவையாகவும் ஆக்குவது. அது எவ்வளவு பெரிய ஆசையாக இருந்தாலும், ‘தகவல்’ என்ற பொருளும் ‘ஒழுங்குபடுத்து’ என்ற செயலும் அதில் தெளிவாக இருப்பதால் மனதில் நிற்கிறது. நம் எடுத்துக்காட்டில் பொருள், மருத்துவமனையில் நின்றுபோன கருவி, செயல், போய்ச் சரிசெய்வது, நேரம், அன்றே.

‘அன்றே’ என்பது உண்மையா என்று உடனே பதிவேட்டைப் பாருங்கள். கடந்த மூன்று மாதப் புகார்களை எடுத்து, அழைப்பு வந்த நாளையும் ஆள் போய்ச் சேர்ந்த நாளையும் அடுத்தடுத்து எழுதினால் விடை தெரிந்துவிடும். நம் நிறுவனத்தில், பக்கத்து மருத்துவமனைகளுக்கு அன்றே போயிருக்கிறார்கள். தொலைவில் உள்ள சிலவற்றுக்கு மறுநாள். இப்போது மூன்று வழிகள் உள்ளன. ‘அன்றே’ என்பதை ‘விரைவில்’ என்று மழுங்கடிக்கலாம், ‘மறுநாளுக்குள்’ என்று தளர்த்தலாம், அல்லது ஒரு நாளில் போய்ச் சேர முடியாத தொலைவில் புதிய ஒப்பந்தங்களை எடுப்பதில்லை என்று முடிவு செய்யலாம். முதல் வழி பகட்டுச் சொல்லுக்கே திரும்பிப் போவது. மற்ற இரண்டும் நேர்மையானவை. நம் நிறுவனம் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்ததாகக் கொள்வோம். ஒரு சொல்லைக் காப்பாற்ற எல்லைக்கோடு போட வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். சொல்லின் எடை அங்கிருந்துதான் வருகிறது.

இரண்டாம் வாக்கியத்துக்கான முடிவு இதைவிடக் கடினமானது: நமக்கு லாபம் தரக்கூடிய எதை நாம் செய்ய மாட்டோம்? பலரும் இரண்டாம் வாக்கியத்தை முதல் வாக்கியத்தின் அலங்காரமாக எழுதிவிடுகிறார்கள்: ‘இதை அர்ப்பணிப்போடும் அக்கறையோடும் செய்கிறோம்.’ இப்படிப்பட்ட வாக்கியத்தை மறுநாள் யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. புதிய ஊழியருக்கு அது பயன்படும் ஒரு தருணத்தைக்கூடக் காட்ட முடியாது. இரண்டாம் வாக்கியம், இரண்டு நியாயமான வழிகள் எதிரெதிரே நிற்கும்போது எதன் பக்கம் சாய வேண்டும் என்று சொல்ல வேண்டும். பழுதுநீக்குநர் ஒருவர் பழைய எக்ஸ்-ரே கருவியின் முன் நிற்கிறார். சரிசெய்தால் சிறு தொகை, புதியதை விற்றால் பெருந்தொகை, தரகுப் பணமும் உண்டு. அந்த இடத்தில் அவர் என்ன செய்ய வேண்டும்? சரிசெய்ய முடியும் என்றால் புதியதை விற்கக் கூடாது என்று தலைமை சொல்லத் தயாராக இருந்தால், நேர்மை என்ற சொல்லை எழுதாமலேயே அது வாக்கியத்துக்குள் வந்துவிடும். தயாராக இல்லையென்றால், அந்த வாக்கியத்தை எழுதாதீர்கள். பொய்யான இரண்டாம் வாக்கியத்தை ஊழியர்கள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துக் கேலிப் பேச்சாக்கிவிடுவார்கள். அதைவிடப் பழைய 32 சொற்களே மேல், ஏனெனில் அவற்றை யாரும் படிப்பதில்லை.

நான்காம் படி: தமிழ் வாக்கியமாக எழுதுதல்

முதல் வரைவு எப்போதும் கனமாகத்தான் இருக்கும். நம்முடையது இப்படி வந்தது: “சிறிய மருத்துவமனைகளில் உள்ள நோய்கண்டறியும் கருவிகளையும் உயிர்காக்கும் கருவிகளையும் தொடர்ந்து பராமரித்து, பழுதானால் அன்றே ஆள் அனுப்பி, சிகிச்சை தடைபடாத வகையில் விரைந்து சரிசெய்து தருகிறோம்.” பகட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் சொல்லிப் பார்த்தால் பாதியில் மூச்சு வாங்குகிறது.

காரணம் தமிழ் வாக்கியத்தின் அமைப்பில் இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. கேட்பவர் முன்னால் வந்த எல்லாவற்றையும் அதுவரை கையில் ஏந்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். ‘பராமரித்து’, ‘அனுப்பி’, ‘சரிசெய்து’ என்று வினையெச்சங்களை எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டு போக இலக்கணம் இடம் தருகிறது. அந்த வசதிதான் குழுக்கள் எழுதும் வாசகங்கள் ரயில் பெட்டிகள்போல் நீள்வதற்கும் காரணம். மனிதர்கள் ஒரே நேரத்தில் மனதில் ஏந்தக்கூடிய தனித்தனிச் செய்திகள் ஏறத்தாழ நான்குதான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வாதிட்டார். மேலே உள்ள வரைவு அந்த எண்ணிக்கையை எளிதாகத் தாண்டிவிடுகிறது.

ஆகவே நான் கைக்கொள்ளும் விதிகள் மூன்று. நிபந்தனைப் பகுதியை விட்டுவிட்டால், ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினைமுற்று, அதன் முன்னால் அதிகம் போனால் ஓர் எச்சம். ஒரு வாக்கியத்தில் ஏழு முதல் பத்துச் சொற்கள். தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் இந்த எண்ணிக்கையில் நிறையவே சொல்ல முடியும். ‘-தல்’, ‘-வது’ என்று முடியும் தொழிற்பெயர்களை வினைகளாகத் திருப்புவது மூன்றாவது விதி. ‘சேவை வழங்குவதே எங்கள் குறிக்கோள்’ என்பதில் யார் எதைச் செய்கிறார்கள் என்பது மறைகிறது, ‘சரிசெய்கிறோம்’ என்பதில் மறைய வழியில்லை.

இந்த விதிகளின்படி இரண்டாம் வரைவு: “சிறிய மருத்துவமனையில் கருவி நின்றுபோனால், அன்றே ஆள் அனுப்பிச் சரிசெய்கிறோம். சரிசெய்ய முடிகிற கருவிக்குப் பதிலாகப் புதியதை விற்க மாட்டோம்.” பராமரிப்பு ஏன் விடுபட்டது என்று ஒருவர் கேட்பார். பராமரிப்பதும் நிறுவனம் செய்யும் வேலைதான். ஆனால் அது கருவி நிற்காமல் இருக்கச் செய்யும் வேலை. நிற்கும் தருணத்தைச் சொன்னாலே மற்றது புரிந்துவிடும். எல்லா வேலைகளையும் பட்டியலிடும் இடம் இது அல்ல.

ஐந்தாம் படி: காதால் சோதித்தல்

தாளில் அழகாக இருப்பது எதையும் நிரூபிக்காது. அண்மையில் வேலைக்குச் சேர்ந்த ஐந்து பேரைத் தனித்தனியாக அழையுங்கள். எழுத்தில் காட்டாமல், இரண்டு வாக்கியங்களையும் இரண்டு முறை சொல்லுங்கள். பிறகு பத்து நிமிடம் விடுப்பு விதிகளையோ வேறு எதையோ பேசுங்கள். அதன் பின், ‘நம் நிறுவனம் என்ன செய்கிறது என்று சொன்னேன்?’ என்று கேளுங்கள். மறுநாள் முன்னறிவிப்பு இல்லாமல் மீண்டும் கேளுங்கள். இரண்டு முறையும் அவர்கள் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ளுங்கள்.

மதிப்பிடும்போது சொற்களை எண்ணாதீர்கள், செய்திகளை எண்ணுங்கள். 1967-இல் உளவியலாளர் ஜாக்குலின் சாக்ஸ் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாக்கியத்தைக் கேட்டபின் மேலும் 80 அசைகள் அளவுக்குப் பேச்சைக் கேட்டவர்கள், அந்த வாக்கியத்தின் அமைப்பு மாறியிருந்ததை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. பொருள் மாறியிருந்தால் கண்டுகொண்டார்கள். மனம் வைத்திருப்பது பொருளை; சொல்லமைப்பு சீக்கிரம் உதிர்கிறது. தமிழில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்: எழுத்துத் தமிழில் சொன்னதை ஊழியர் பேச்சுத் தமிழில்தான் திருப்பிச் சொல்வார். ‘விற்க மாட்டோம்’ என்பது ‘விக்க மாட்டோம்’ ஆவதில் தவறு ஒன்றும் இல்லை. அந்த மாற்றத்தைத் தாங்காத வாக்கியம்தான் தவறு.

நம் இரண்டாம் வரைவில் ஐந்து செய்திகள் உள்ளன: சிறிய மருத்துவமனை, கருவி நிற்பது, அன்றே, ஆள் போய்ச் சரிசெய்வது, சரிசெய்ய முடிந்தால் புதியதை விற்காமை. ஐந்து பேரில் நான்கு பேர், ஐந்தில் நான்கு செய்திகளையாவது மறுநாள் சொன்னால் போதும் என்பது என் அளவுகோல். அதைவிட முக்கியமானது, எந்தச் செய்தி எப்படிச் சிதைகிறது என்பது. சிதைவில் மூன்று வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

முதல் வகை, விடுபடுதல். நம் சோதனையில் பெரும்பாலோர் ‘சிறிய’ என்ற சொல்லை விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே அதை அழுத்தமாக்க முயல்வதற்கு முன்னால், பெரிய மருத்துவமனை அழைத்தால் மறுப்போமா என்று தலைமையைக் கேளுங்கள். மறுக்க மாட்டோம் என்றால், ஊழியர்களின் ஞாபகம் சரியாகவே வேலை செய்திருக்கிறது. அந்தச் சொல் எந்த முடிவையும் சுமக்கவில்லை; அதை எடுத்துவிடலாம்.

இரண்டாம் வகை, திரிதல்; இதுதான் ஆபத்தானது. “அன்றே ஆள் அனுப்பிச் சரிசெய்கிறோம்” என்பதைப் பலர் “அன்றைக்கே சரிசெய்து கொடுக்கிறோம்” என்று திருப்பிச் சொல்வார்கள். ‘அன்றே’ என்பது ‘அனுப்பி’ என்ற எச்சத்தோடு ஒட்ட வேண்டியது. கேட்டவர் மனதில் அது வினைமுற்றுக்கு நகர்ந்துவிட்டது. உதிரிபாகம் வர நாளாகும் பழுதுகளில் நிறுவனம் காப்பாற்ற முடியாத ஒரு வாக்குறுதியாக அது மாறுகிறது. புதிய ஊழியர் அதையே தொலைபேசியில் மருத்துவமனைக்குச் சொன்னால் வம்பு நிச்சயம். இங்கே விளக்கக் குறிப்பு சேர்ப்பது பயனற்றது. திரிந்தாலும் உண்மையாகவே இருக்கும்படி வாக்கியத்தை மாற்ற வேண்டும்.

இரண்டாம் படியில் எழுதிய குறிப்புகளுக்குத் திரும்பிப் போனால் வழி கிடைக்கிறது. அழைப்பவரின் முதல் கேள்வி ஆள் எப்போது வருவார் என்பதுதான் என்று புகாரைப் பதிவு செய்பவர் சொன்னார். ‘நம் ஆள் பக்கத்தில் நின்றால்’ என்று பழுதுநீக்குநர் சொன்னார். ஆக, அன்றே உறுதியளிக்கக்கூடியது ஆள் போய் நிற்பது மட்டுமே: “மருத்துவமனையில் கருவி நின்றால், அன்றே எங்கள் ஆள் அங்கே நிற்பார்.” இப்போது எச்சமும் முற்றும் ஒரே வேரிலிருந்து வருவதால், முன்பாதியைச் சொன்னதும் பின்பாதி தானாக நாவுக்கு வருகிறது. இப்படிப்பட்ட சொல்விளையாட்டை நான் பொதுவாகச் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். எதுகைக்காகப் பொருளை வளைத்த வாசகங்கள் ஏராளம். இங்கே அது ஊழியர்கள் தாமாகச் சொன்ன சொல்லிலிருந்து வந்ததாலும், பொருளை முன்னைவிடத் துல்லியமாக்குவதாலும் ஏற்றுக்கொள்ளலாம்.

மூன்றாம் வகை, குழறுதல். ஞாபகம் இருக்கிறது, ஆனால் நாக்கு தடுக்குகிறது. “சரிசெய்ய முடிகிற கருவிக்குப் பதிலாகப் புதியதை” என்ற இடத்தில் எல்லோரும் ஒரு கணம் நின்றால், பெயரெச்சமும் நான்காம் வேற்றுமையும் ‘பதிலாக’வும் ஒரே இடத்தில் நெரிசலிடுவதே காரணம். பேச்சில் நாம் நிபந்தனையாகத்தான் சொல்வோம்: “பழைய கருவியைச் சரிசெய்ய முடியும் என்றால், புதியதை விற்க மாட்டோம்.” பழையது ஒரு பக்கம், புதியது மறுபக்கம், வாக்கியம் தராசுபோல் நிற்கிறது.

ஆக, மூன்றாம் வரைவு இது:

“மருத்துவமனையில் கருவி நின்றால், அன்றே எங்கள் ஆள் அங்கே நிற்பார். பழைய கருவியைச் சரிசெய்ய முடியும் என்றால், புதியதை விற்க மாட்டோம்.”

எட்டும் எட்டும் பதினாறு சொற்கள். பழைய வாசகத்தில் சரிபாதி. இதை வேறு ஐந்து பேரிடம் மீண்டும் சோதியுங்கள். முதல் ஐவருக்கு முந்தைய வரைவு மனதில் ஒட்டியிருக்கும். நேரம் இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். ஒருவரிடம் மட்டும் சொல்லி, அவர் அடுத்தவரிடம், அவர் அதற்கடுத்தவரிடம் என்று ஐந்து பேர் வரை கடத்தச் சொல்லுங்கள். உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வுகளில் கதைகளை இப்படிக் கைமாற்றிப் பார்த்தார். ஒவ்வொரு கையிலும் விவரங்கள் உதிர்ந்து, கேட்பவருக்குப் பழக்கமான வடிவத்துக்குக் கதை நகர்ந்துகொண்டே போனது. உங்கள் வாக்கியம் ஐந்தாவது ஆளிடம் ‘நல்ல சேவை தருகிறோம்’ என்று சுருங்கிப் போயிருந்தால், அதில் பிடிமானமான பொருள் இன்னும் போதவில்லை.

ஆறாம் படி: குழுவிடமிருந்து காப்பாற்றுதல்

ஒப்புதலுக்குப் போகும்போதுதான் வாக்கியங்கள் மீண்டும் வீங்கத் தொடங்கும். ‘ஆள்’ என்பது கௌரவமாக இல்லை, ‘தொழில்நுட்ப வல்லுநர்’ என்று போடலாம் என்பார் ஒருவர். பணியாளர் நலனையும் சேர்க்க வேண்டும் என்பார் இன்னொருவர். ‘விற்க மாட்டோம்’ என்ற எதிர்மறை எதற்கு, ‘உகந்த தீர்வைப் பரிந்துரைக்கிறோம்’ என்று நேர்மறையாகச் சொல்லலாமே என்பார் விற்பனைத் தலைவர். மூன்றாவது கோரிக்கையில்தான் விழிப்பாக இருக்க வேண்டும். அது சொல் மாற்றம் போலத் தோன்றினாலும், மூன்றாம் படியில் எடுத்த முடிவைத் திரும்பப் பெறும் முயற்சி. அந்த விவாதத்தை மொழிநடை என்ற பெயரில் நடத்த விடாதீர்கள். ‘சரிசெய்ய முடிந்தாலும் புதியதை விற்கலாம் என்கிறீர்களா?’ என்று நேராகக் கேளுங்கள்.

மற்ற கோரிக்கைகளுக்கு ஒரே விதி: ஏதாவது ஒன்று உள்ளே வந்தால் ஏதாவது ஒன்று வெளியே போக வேண்டும், மாற்றிய வரைவு மீண்டும் காதுச் சோதனையில் தேற வேண்டும். ‘தொழில்நுட்ப வல்லுநர்’ என்று போட்ட வரைவைச் சோதித்தால், ஊழியர்கள் எப்படியும் ‘நம்ம ஆள்’ என்றே திருப்பிச் சொல்வதைக் குழு தன் காதாலேயே கேட்டுவிடும். ஊழியர் நலன், பாதுகாப்பு, ‘சரிசெய்ய முடியும்’ என்று முடிவு செய்ய வேண்டியவர் யார், தொலைவு எல்லை எவ்வளவு என்பவையெல்லாம் முக்கியமானவை. அவற்றுக்கு நடைமுறைக் கையேடு இருக்கிறது. நிறுவனத்தின் பதிவு ஆவணங்களில் உள்ள நோக்கப் பிரிவையும் இந்த வேலையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சட்டத்துக்காக விரிவாக எழுதப்பட்டது அது. அதைத் தொடாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

இந்த முறை எங்கே பலிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல தொழில்களை ஒரே பெயரில் நடத்தும் குழுமத்துக்கு இரண்டு வாக்கியம் எழுத முயன்றால், எல்லாவற்றையும் தழுவும் ஒரு சொல்லைத் தேடி நேராக ‘மதிப்பை உருவாக்குதல்’ என்பதற்கே போய்ச் சேர்வீர்கள். அங்கே ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக இரண்டு வாக்கியங்கள் எழுதுங்கள். குழுமத்துக்கு ஒன்றும் வேண்டாம். மூன்றாம் படியில் தலைமை இரண்டாகப் பிரிந்து நின்றால், அவர்கள் ஒரு முடிவுக்கு வரும் வரை முதல் வாக்கியத்தோடு மட்டும் நிறுத்திக்கொள்ளலாம்.

நிறுவனத்தில் ஆங்கிலமும் புழங்குகிறது என்றால், தமிழில் முடித்ததை மொழிபெயர்க்கக் கொடுக்காதீர்கள். ‘நின்றால், நிற்பார்’ என்ற பிணைப்பு அங்கே போகாது; ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடுவதால் சுமை விழும் இடமும் வேறு. மூன்றாம் படியில் எடுத்த முடிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த மொழியில் வேலை செய்யும் ஊழியர்களின் சொற்களிலிருந்து புதிதாக எழுதி, அவர்களிலேயே ஐந்து பேரிடம் சோதித்த பிறகு, இரண்டு வாசகங்களும் ஒரே ஐந்து செய்திகளையும் ஒரே எல்லையையும் சொல்கின்றனவா என்று மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.